ஒரே ஒரு வான் படத்தை வைத்து மேகம் எத்தனை ஆக்டா என்று சொல்வது: சேலம், ஏற்காடு பக்கத்தில் கேட்கப்படும் கேள்விகள்

மொட்டைமாடியில நின்னு வானத்தைப் படம் எடுத்தேன். படத்துல பாதி மேகம். அப்போ 4 ஆக்டான்னு எழுதிடலாமா?

எழுத முடியாது. அந்தப் பாதி, படத்தின் பாதி. ஆக்டா கேட்பதோ தலைக்கு மேல் அடிவானம் முதல் அடிவானம் வரை கவிந்திருக்கும் மொத்த வானத்தில் எட்டில் எத்தனை பங்கு மேகம் என்பதை.

உங்கள் ஃபோனின் சாதாரண கேமரா, அதாவது 26 மில்லிமீட்டருக்கு இணையான லென்ஸ், 4:3 அளவில் எடுக்கும் படம் ஒரு பக்கம் 67 டிகிரியும் இன்னொரு பக்கம் 53 டிகிரியும் பார்க்கும். கேட்க அகலமாகத்தான் இருக்கிறது. ஆனால் பரப்பாகக் கணக்கிட்டால் அது மொத்த வானத்தில் 16 சதவீதம், ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. படம் முழுக்க மேகமாக இருந்தாலும் அதை வைத்து உறுதியாகச் சொல்லக்கூடியது ஒரு ஆக்டாவும் கொஞ்சமும்தான். மீதி ஆறரை ஆக்டாவுக்கும் மேற்பட்ட வானத்தை அந்தக் கேமரா பார்க்கவே இல்லை.

அல்ட்ரா வைடு, அதாவது திரையில் `0.5x` என்று காட்டும் 13 மில்லிமீட்டர் லென்ஸ், நிலைமையை நன்றாகவே மாற்றும். அது 38 சதவீத வானத்தைப் பிடிக்கிறது. கையில் இரண்டும் இருந்தால் எப்போதும் அல்ட்ரா வைடையே எடுங்கள். 16:9 வேண்டாம், 4:3 வையுங்கள். 16:9 வைத்தால் பல ஃபோன்கள் மேலும் கீழும் வெட்டிவிட்டுத்தான் படத்தைக் கொடுக்கின்றன.

வானம்னா தலைக்கு மேலதானே? உச்சியைப் பார்த்து நேரா ஒரு படம் எடுத்தா பெரும்பகுதி வந்துடாதா?

கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். இந்தத் தோற்றம்தான் பல தவறான கணிப்புகளுக்குக் காரணம், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடியுங்கள். முஷ்டியின் அகலம் சுமார் 10 டிகிரி. அடிவானத்திலிருந்து ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று முஷ்டி வைத்தால் 30 டிகிரி உயரம். சுற்றிலும் அந்த உயரம் வரை உள்ள வளையம் மொத்த வானத்தில் சரியாகப் பாதி. 30 டிகிரியின் சைன் மதிப்பு 0.5 என்பதுதான் காரணம். எந்த உயரத்தை எடுத்துக்கொண்டாலும் அதற்குக் கீழே இருக்கும் வானத்தின் பங்கு அந்தக் கோணத்தின் சைன் மதிப்பேதான். ஒரே ஒரு முஷ்டி, 10 டிகிரி வரையிலான மெல்லிய வளையமே 17 சதவீதம், அதாவது ஒரு ஆக்டாவுக்கும் மேல். மாறாக, நாம் "உச்சி" என்று நினைக்கும் 60 டிகிரிக்கு மேற்பட்ட பெரிய வட்டம் 13 சதவீதம்தான்.

இப்போது உச்சியைப் பார்த்து எடுத்த அல்ட்ரா வைடு படத்துக்கு வருவோம். அதன் நீண்ட பக்கத்தின் நடு ஓரம் 45 டிகிரி உயரம் வரை இறங்குகிறது, குறுகிய பக்கத்தின் நடு ஓரம் 37 வரை. நான்கு மூலைகள்கூட 31 டிகிரியோடு நின்றுவிடுகின்றன. ஆக, வானத்தின் கீழ்ப்பாதி அந்தப் படத்தில் ஒரு பிக்சல்கூட இல்லை. சேலத்தில் இது பெரிய குறை. இங்கே கோடையில் பிற்பகல் மேகம் முதலில் கட்டுவது சேர்வராயன் மேலே. அது பெரும்பாலும் அந்தக் கீழ்ப்பாதியில்தான் இருக்கும்.

அல்ட்ரா வைடுல ஓரத்துல இருக்கிறதெல்லாம் இழுத்து நீட்டின மாதிரி தெரியுதே, அது கணக்கைக் கெடுக்குமா?

கெடுக்கும், ஆனால் சரிசெய்யலாம். தட்டையான படத்தில் வளைந்த வானத்தை விரிக்கும்போது ஓரங்கள் நீள்கின்றன. அதனால் ஓரத்து மேகம் தன் அளவைவிட அதிக பிக்சல்களை எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு பிக்சலும் படத்தின் நடுவிலிருந்து எத்தனை டிகிரி விலகியிருக்கிறதோ, அந்தக் கோணத்தின் கோசைன் மதிப்பை மூன்று முறை பெருக்கினால் வருவதுதான் அந்தப் பிக்சலுக்கு உரிய எடை.

26 மில்லிமீட்டர் படத்தில் மூலை பிக்சலின் எடை நடு பிக்சலில் பாதிக்குச் சற்றுக் குறைவு. 13 மில்லிமீட்டர் படத்தில் அது ஏழில் ஒரு பங்கு. மூலையில் ஒரு மேகம் உட்கார்ந்திருந்தால் அதை ஏழு மடங்கு பெரிதாக்கி எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். நேர்கோடுகளை நேராகவே காட்டும் சாதாரண ஃபோன் படத்துக்குத்தான் இந்த விதி. வட்டமாக வரும் ஃபிஷ்ஐ படத்துக்கு வேறு கணக்கு.

சரி, ஒரு படத்தை எடுத்து ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரை கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

இப்படி ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு மொட்டைமாடி, சித்திரை மாதம், பிற்பகல் மூன்றரை மணி. ஃபோனின் நீண்ட பக்கம் வடக்கு தெற்காக இருக்கும்படி, உச்சியைப் பார்த்து அல்ட்ரா வைடில் எடுத்தது. படம் 4000 க்கு 3000 பிக்சல். சூரியன் மேற்கே 45 டிகிரிக்குச் சற்றுக் கீழே இறங்கிவிட்டதால் படத்துக்குள் வரவில்லை. நடுவும் தெற்கும் நல்ல நீலம். வடக்கு ஓரத்தில் மட்டும் 1000 பிக்சல் அகலத்துக்கு ஒரே திரளாக வெண்மேகம்.

பிக்சலை மட்டும் எண்ணினால் 4000 இல் 1000, அதாவது 25 சதவீதம். எட்டால் பெருக்கினால் 2 ஆக்டா. முடிந்தது என்று தோன்றும்.

ஆனால் அந்த மேகம் முழுக்க ஓரத்தில் இருக்கிறது. எடை போட்டுப் பார்த்தால் படத்துக்குள் இருக்கும் வானத்தில் அதன் பங்கு 16.5 சதவீதம்தான். படமே மொத்த வானத்தில் 38 சதவீதம். எனவே நாம் கண்ணால் கண்டு உறுதியாகச் சொல்லக்கூடிய மேகம் மொத்த வானத்தில் 6 சதவீதம், அரை ஆக்டா.

பார்க்காத 62 சதவீதத்தில் என்ன இருக்கிறது என்று படத்துக்குத் தெரியாது. அங்கே மேகமே இல்லை என்றால் விடை 1 ஆக்டா. அங்கே முழுக்க மேகம் என்றால் மொத்தம் 68 சதவீதம், அதாவது 5 ஆக்டாவுக்கும் மேல். இந்த ஒரு படம் தனியாகச் சொல்வது இவ்வளவுதான்: 1 முதல் 5 வரை எதுவாகவும் இருக்கலாம். முதலில் கிடைத்த 2 என்ற எண் இந்த எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் அது வந்த வழி தவறு.

இனி, படம் எடுத்தவர் சுற்றிலும் ஒரு முறை திரும்பிப் பார்த்து ஒரு வரி குறித்து வைத்திருக்கிறார் என்று கொள்வோம்: "வடமேற்கு தொடங்கி கிழக்கு எட்டும் முன்பு வரை, மலை வரைக்கும் மேகம். மற்ற திசைகளில் அடிவானம் வரை சுத்தம்." அது ஏறக்குறைய 120 டிகிரி, சுற்றில் மூன்றில் ஒரு பங்கு. பார்க்காத 62 சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு 21 சதவீதம். ஏற்கெனவே இருக்கும் 6 ஐச் சேர்த்தால் 27.

மலை மறைக்கும் பகுதியைக் கழிக்க வேண்டும். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் போல, சேர்வராயன் மேல்தளம் 1500 மீட்டர் போல. பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்து பார்த்தால் மலை சுமார் 7 டிகிரி உயரத்துக்கு வானத்தை மறைக்கும். மூன்றில் ஒரு பங்கு திசைகளில் 7 டிகிரி என்றால் வானத்தில் 4 சதவீதம். 27 இலிருந்து 4 போக 23. தெரியும் வானம் 96. 23 ஐ 96 ஆல் வகுத்தால் 24 சதவீதம், எட்டால் பெருக்க 1.9. எழுத வேண்டியது 2 ஆக்டா.

அதே 2 தானே வந்தது, இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். படம் அப்படியே இருக்க, குறிப்பில் "சுற்றிலும் அடிவானத்தில் மேகம்" என்று இருந்திருந்தால் விடை 5 ஆகியிருக்கும். பிக்சல் எண்ணிக்கை மட்டும் அப்போதும் 2 என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

மொத்த வானமும் ஒரே படத்துல விழுற மாதிரி ஏதாவது வழி இருக்கா? குறிப்பெல்லாம் எழுதி வைக்க மாட்டேன்.

இருக்கிறது, செலவும் அதிகமில்லை. கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுவார்களே, கண்ணாடி போல மின்னும் வெள்ளி உருண்டை, அது ஒன்று வேண்டும். நசுங்காமல் நல்ல கோளமாக, 8 முதல் 10 சென்டிமீட்டர் விட்டத்தில் இருந்தால் போதும். பளபளப்பான எஃகு உருண்டையும் சரி. அதைக் கீழே வைத்து, நேர் மேலே ஒரு மீட்டருக்குக் குறையாத உயரத்திலிருந்து, ஜூம் செய்து படம் எடுங்கள். அடிவானம் வரை முழு வானமும் உருண்டைக்குள் தெரியும்.

எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது இதன் வடிவியல். தூரத்திலிருந்து பார்க்கப்படும் கோளக் கண்ணாடி, வானத்தின் எந்தப் பகுதியையும் பரப்பு மாறாமல் காட்டுகிறது. உச்சியிலிருந்து θ கோணம் விலகிய புள்ளி, உருண்டையின் ஆரத்தில் sin(θ/2) மடங்கு தொலைவில் விழும். இதிலிருந்து பரப்பைக் கணக்கிட்டால், சம அளவு வானம் படத்திலும் சம அளவு இடத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது என்று வருகிறது. மேலே சொன்ன எடை எதுவும் வேண்டாம், பிக்சலை எண்ணினாலே போதும்.

அடிவானம் விழுவது ஆரத்தில் 0.707 மடங்கில். படத்தில் உருண்டை 1400 பிக்சல் விட்டம் என்றால், அதே மையத்தில் 990 பிக்சல் விட்டத்துக்கு ஒரு வட்டம் போடுங்கள். உள்ளே இருப்பது வானம், வெளியே இருப்பது தரையும் சுவரும். வட்டத்துக்குள் மேகம் எத்தனை பங்கு என்பதை எட்டால் பெருக்கினால் ஆக்டா.

கவனிக்க வேண்டியது கைப்பிடிச் சுவர். உருண்டையை மொட்டைமாடித் தரையிலேயே வைத்தால், மூன்று மீட்டர் தள்ளி சுற்றிலும் இருக்கும் 90 சென்டிமீட்டர் சுவர் 17 டிகிரி வரை மறைத்துவிடும். அது வானத்தில் 29 சதவீதம், இரண்டு ஆக்டாவுக்கும் மேல். ஒரு ஸ்டூல் போட்டு உருண்டையைச் சுவர் உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். அப்புறம், குனிந்து எடுப்பவரின் தலையும் தோளும் படத்தின் நடுவில் கறுப்பாக விழும். அது ஒன்றிரண்டு சதவீதம்தான், அந்த இடத்தைக் கணக்கிலிருந்து விட்டுவிடலாம்.

1 ஆக்டாவுக்கும் 7 ஆக்டாவுக்கும் தனி விதி இருக்காமே?

ஆமாம். 0 என்றால் துளி மேகமும் இல்லை. கஞ்சமலைக்கு மேல் கைக்குட்டை அளவு ஒரு துண்டு இருந்தாலும் 1 தான், அதை 0 என்று சுருக்கக் கூடாது. அதே போல 8 என்றால் ஒரு இடுக்குகூடத் தெரியாத முழு மூட்டம். ஒரே ஒரு இடத்தில் நீலம் எட்டிப் பார்த்தாலும் 7. நடுவில் உள்ள 2 முதல் 6 வரைதான் வழக்கமான முழுமையாக்கம்.

இந்த விதியால் சில நாட்களில் ஒரு வியப்பான நிலை வரும். தயிர்த்துண்டு போல வானம் முழுக்கச் சிறு சிறு மேகங்கள் பரவி, ஒவ்வொன்றுக்கும் நடுவே நூல் இழை போல நீலம் தெரியும். மேகம் வானத்தின் எல்லாப் பக்கமும் இருக்கிறது, ஆனாலும் 8 அல்ல, 7. கீழே வரும் கணினி நிரல் 0.97 என்று கொடுத்தாலும் எழுத வேண்டியது 7.

விமான நிலைய வானிலை அறிக்கைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்கு: அங்கே `FEW` என்பது 1, 2 ஆக்டா, `SCT` 3, 4, `BKN` 5 முதல் 7, `OVC` 8. அவை ஒவ்வொரு மேக அடுக்குக்கும் தரப்படுவதால் உங்கள் மொத்த எண்ணோடு அப்படியே பொருந்தாது.

மேகம் எது, வானம் எதுன்னு கம்ப்யூட்டரை விட்டே எண்ணச் சொல்ல என்ன செய்யணும்?

நீல வானத்தில் நீல ஒளி சிவப்பைவிட மிக அதிகம். மேகத்தில் இரண்டும் கிட்டத்தட்ட சமம். ஆகவே ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பை நீலத்தால் வகுத்து, ஒரு எல்லைக்கு மேல் போனால் மேகம் என்று கொள்ளலாம். உச்சியைப் பார்த்து எடுத்த தட்டையான படத்துக்கு, எடையையும் சேர்த்து:

```python
import numpy as np
from PIL import Image

im = np.asarray(Image.open("sky.png").convert("RGB"), float)
h, w, _ = im.shape
f = 13 / 34.6 * max(h, w)
y, x = np.mgrid[:h, :w]
r2 = (x - w/2)**2 + (y - h/2)**2
wt = (1 + r2 / f**2) ** -1.5
ok = im.sum(axis=2) > 0
cloud = im[..., 0] / (im[..., 2] + 1) > 0.75
print((wt * cloud * ok).sum() / (wt * ok).sum())
```

`13` என்ற இடத்தில் உங்கள் லென்ஸின் 35 மில்லிமீட்டர் இணை அளவைப் போடுங்கள். படத்தின் விவரங்களில் `FocalLengthIn35mmFilm` என்று இருக்கும். சூரியன், மரக்கிளை, தண்ணீர்த் தொட்டி போல வானம் அல்லாத இடங்களை முன்கூட்டியே முழுக் கறுப்பால் பூசி PNG ஆகச் சேமித்தால் நிரல் அவற்றை விட்டுவிடும். உருண்டைப் படத்துக்கு `wt` தேவையில்லை, எல்லாவற்றுக்கும் 1 என்று வைத்து, வட்டத்துக்கு வெளியே கறுப்பு பூசுங்கள்.

0.75 என்பது தொடங்குவதற்கான எண், அவ்வளவே. ஒவ்வொரு ஃபோனும் நிறத்தைத் தன் போக்கில் மாற்றுகிறது. உங்கள் படத்திலேயே ஐயமில்லாத நீலத்தில் ஓர் இடம், ஐயமில்லாத மேகத்தில் ஓர் இடம் எடுத்து இரண்டின் விகிதத்தையும் பாருங்கள். எல்லை அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். முடிந்தால் HDR ஐ அணைத்துவிட்டு எடுங்கள், அது மேகத்தின் நிழல் பக்கத்தை நீலமாக்கிவிடக்கூடும். எண் வந்ததும் நம்பிவிடாமல், நிரல் எதையெல்லாம் மேகம் என்று எடுத்தது என்பதை ஒரு வெள்ளை கறுப்புப் படமாகச் சேமித்து அசலோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தவறு இருந்தால் ஒரு நொடியில் கண்ணில் படும்.

நிரல் அடிவானத்தை முழுசா மேகம்னு சொல்லுது. ஆனா அங்க வெறும் வெளுப்புதான். சூரியனைச் சுத்தியும் அதே பிரச்சினை.

இரண்டும் நிற விகிதத்தை ஏமாற்றும் இடங்கள். அடிவானத்தை நோக்கிப் பார்க்கும்போது ஒளி நீண்ட தூரக் காற்றையும் தூசியையும் தாண்டி வருகிறது, அதனால் நீலம் வெளுக்கிறது. நாற்புறமும் மலைகள் நிற்கும் சேலத்தில், காற்று அசையாத காலைகளில் இந்த வெளுப்பு நன்றாகவே தெரியும். தூசியும் புகையும் மேகக் கணக்கில் சேராது.

பிரித்தறிய நல்ல அடையாளம் விளிம்பு. வெளுப்பு மேலே போகப் போக மெதுவாக நீலத்தில் கரையும், எங்கும் கோடு விழாது. மேகத்துக்கு எவ்வளவு சன்னமாக இருந்தாலும் எங்காவது ஒரு விளிம்போ இழையோ இருக்கும். இன்னொரு சோதனை: அதே உயரத்தில் சூரியனிலிருந்து சம தொலைவில் உள்ள வேறொரு திசையையும் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே அளவு வெளுப்பு என்றால் அது தூசியாகத்தான் இருக்கும். நிரலில், அடிவானத்துப் பகுதிக்கு மட்டும் எல்லையைக் கொஞ்சம் உயர்த்தி வைப்பது எளிய வழி.

சூரியனுக்கு ஒரே நல்ல தீர்வு மறைப்பது. கைப்பிடிச் சுவரில் நிற்கும் ஒரு கம்பியின் நிழலில் லென்ஸ் இருக்கும்படி நின்று எடுத்தால், சுற்றியுள்ள கண்கூசும் வெண்மை வெகுவாகக் குறையும்.

ரொம்ப சன்னமா, இறகு மாதிரி மேல ஓடுற மேகத்தையும் சேர்க்கணுமா?

சேர்க்க வேண்டும். வெயில் அடிக்கிறதா, நிழல் விழுகிறதா என்பது ஆக்டாவுக்கு ஒரு பொருட்டே அல்ல. மெல்லிய கீற்று மேகம் வானம் முழுக்கப் படர்ந்திருந்து, கீழே நிழல் நன்றாக விழுந்துகொண்டிருந்தாலும் அது 8 ஆக இருக்கலாம். இதில் நிரலை நம்பாதீர்கள், சன்னக் கீற்றின் விகிதம் நீலத்துக்கு மிக அருகில் நிற்கும். கண்ணுக்குத் தெரிந்தால் கையால் குறியுங்கள். விமானம் விட்டுச்சென்ற கோடு உடனே கலைந்தால் விட்டுவிடலாம். நிலைத்து அகன்று பரவினால் அதுவும் மேகம்தான்.

ஏற்காடு லேடீஸ் சீட்ல காலையில நின்னா மேகம் காலுக்குக் கீழ கிடக்கு. மேல சுத்த நீலம். இது எத்தனை ஆக்டா?

மேலே எதுவும் இல்லை என்றால் 0. நிற்கும் இடத்தின் மட்டத்துக்கு மேல் உள்ள வானம்தான் கணக்கு. கீழே கிடக்கும் மேகத்தை மலை நிலையங்கள் தனியாகக் குறிக்கும் வழக்கம் உண்டு, மொத்த ஆக்டாவில் கலப்பதில்லை. அதே நேரத்தில் கீழே சேலத்தில் ஒருவர் படம் எடுத்தால் அவருக்கு அது 8 ஆக இருக்கலாம். இரண்டு பேரும் சரி. இருவரும் பார்த்தது வேறு வேறு வானம்.

படத்தில் இதைக் கவனிக்காவிட்டால் பெரிய பிழை வரும். விளிம்பில் நின்று கேமராவை நேராகப் பிடித்தால் படத்தின் கீழ்ப்பகுதி முழுக்க வெண்மேகம், அது கண்மட்டத்துக்குக் கீழே. ஃபோனின் மட்டக் கோட்டை இயக்கி வைத்து, கேமராவைக் கண்மட்டத்தில் நேராகப் பிடித்து எடுத்தால், படத்தின் நடுக்கோடுதான் அடிவானம். அதற்குக் கீழே உள்ளதைக் கறுப்பு பூசிவிடுங்கள்.

பனிமூட்டம் வந்து எதிர்ல இருக்கிற சில்வர் ஓக்கே தெரியல. 8 போடவா?

பனிமூட்டத்தின் ஊடாக வானம் தெரிகிறதா என்று முதலில் மேலே பாருங்கள். ஏற்காட்டில் பல காலைகளில் பக்கவாட்டில் எதுவும் தெரியாது, நேர் மேலே மட்டும் நீலமோ மேகமோ மங்கலாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் தெரிவதை வைத்து மதிப்பிடலாம். எதுவுமே தெரியவில்லை என்றால் எழுத வேண்டியது 9. "வானம் மறைந்திருக்கிறது, மதிப்பிட முடியவில்லை" என்பதற்கான எண் அது. 8 என்று போட்டால், முழு மூட்டத்தைக் கண்ணால் பார்த்ததாக ஆகிவிடும். படத்தை மட்டும் வைத்து இந்த இரண்டையும் பிரிப்பது கடினம், இரண்டும் சாம்பலாகத்தான் வரும். எனவே எதிரே எவ்வளவு தூரம் வரை தெரிந்தது என்று ஒரு வார்த்தை குறித்துக்கொள்வது நல்லது.

எஸ்டேட்டுக்குள்ள மரம்தான் வானத்தை மறைக்குது. கீழ சேலத்துல மலை மறைக்குது. மறைஞ்ச பக்கத்துலயும் மேகம் இருக்கும்னு எடுத்துக்கலாமா?

வேண்டாம். மேலே கணக்கில் செய்தது போல, மறைந்த பகுதியை மேகத்திலிருந்தும் வானத்திலிருந்தும் இரண்டு பக்கமும் கழித்துவிட்டு, தெரியும் வானத்தில் எத்தனை பங்கு என்று சொல்லுங்கள். மலை 7 டிகிரி என்றால் பாதிப்பு சிறிது. காப்பித் தோட்டத்து நிழல் மரங்களுக்கு நடுவே நின்றால் 50 டிகிரி வரைகூட மறையும், 50 டிகிரிக்குக் கீழே இருப்பது வானத்தில் முக்கால் பங்கு. அங்கே எண் எழுதுவதைவிட, ஏரிக்கரை போல ஒரு திறந்த இடத்துக்கு நடந்துபோய் எடுப்பதே சரி.

தூரத்துல மேகம் எல்லாம் ஒண்ணா ஒட்டின மாதிரி தெரியுது. நடுவுல இடைவெளி இருக்கும்ல, அதைக் கழிக்கணுமா?

கழிக்க வேண்டாம். தலைக்கு மேல் உள்ள திரள் மேகத்தின் அடிப்பக்கம் மட்டும் தெரியும், தூரத்தில் உள்ளதன் பக்கச்சுவரும் தெரியும், அந்தச் சுவர் இடைவெளியை மறைக்கும். நின்ற இடத்திலிருந்து கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதுதான் ஆக்டா. செயற்கைக்கோள் மேலிருந்து பார்த்துச் சொல்லும் மேக அளவு உங்கள் எண்ணைவிடக் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்த நேரத்துல எடுக்கணும்? சாயங்காலமும் எடுக்கலாமா?

இந்திய நேரப்படி காலை 8:30, மாலை 5:30 ஆகியவை வானிலை நிலையங்களின் முதன்மை நேரங்கள். ஒப்பிடும் எண்ணம் இருந்தால் அவற்றை ஒட்டியே எடுங்கள். காலைப் படம் நிரலுக்கு நன்றாக ஒத்துழைக்கும். மார்கழியில் 5:30 என்றால் சூரியன் மறைய அரை மணிதான் இருக்கும். மேற்கு வானமே சிவந்துவிடுவதால் சிவப்பு நீல விகிதம் அங்கே பொருளற்றது. அப்போது கண்ணால் பிரித்துக் கையால் எண்ணுங்கள். இரவில் ஃபோன் படத்தை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். நட்சத்திரங்கள் எந்தப் பக்கம் மறைந்திருக்கின்றன என்று, கண் இருட்டுக்குப் பழகிய பிறகு நேரடியாகப் பார்ப்பதுதான் வழி.

ஒரே படத்தை நான் 3ன்னு சொல்றேன், அண்ணன் 4ங்கிறார். யார் சரி?

ஒரு ஆக்டா வித்தியாசம் பழகிய கண்களுக்கு இடையேகூட வரும், அதைத் தீர்த்தே ஆக வேண்டும் என்றில்லை. இரண்டு வித்தியாசம் வந்தால்தான் காரணம் தேட வேண்டும். பெரும்பாலும் ஒருவர் அடிவானத்துக்குப் போதிய எடை கொடுத்திருக்க மாட்டார், அல்லது ஒருவர் சன்னக் கீற்றை விட்டிருப்பார்.

தீர்க்க எளிய வழி ஒன்று உண்டு. உருண்டைப் படத்தின் வான வட்டத்துக்குள் சம இடைவெளியில் நூறு புள்ளிகள் வைத்து, மேகத்தின் மீது விழும் புள்ளிகளை இருவரும் தனித்தனியே எண்ணுங்கள். 45 வந்தால் 3.6, அதாவது 4. எண்ணிக்கை வேறுபட்டால் எந்தப் புள்ளியில் கருத்து மாறுகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியும், பேச்சு அந்த இடத்தைப் பற்றியதாகிவிடும்.

பழைய படங்கள் நிறைய இருக்கு, எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் வானம் தெரியுது. அதுங்களுக்கும் ஆக்டா போடலாமா?

ஒற்றை எண்ணாகப் போடாதீர்கள், எல்லைகளாகப் போடுங்கள். படத்தில் தெரியும் வானம் மொத்தத்தில் எத்தனை பங்கு, அதில் மேகம் எத்தனை பங்கு, இந்த இரண்டும் கிடைத்தால் குறைந்தபட்சமும் அதிகபட்சமும் மேலே கண்டபடி வந்துவிடும். பகோடா பாயிண்டில் எடுத்த ஒரு குடும்பப் படத்தில் வானம் 5 சதவீதம் மட்டும் தெரிந்து, அது முழுக்க நீலமாக இருந்தால், 8 அல்ல என்று மட்டும்தான் அந்தப் படம் சொல்கிறது. எல்லை 0 முதல் 7 வரை. எழுதும்போது கோப்பின் பெயரோடு நேரம், கேமரா பார்த்த திசை, லென்ஸ் அளவு ஆகிய மூன்றையும் சேர்த்து வையுங்கள். பின்னால் அதே நாளில் வேறொருவர் எடுத்த வேறு திசைப் படம் கிடைத்தால், இரண்டையும் சேர்த்து எல்லையைச் சுருக்க முடியும்.